சுவிட்ச் பற்றி நேர்காணலில் கேட்கும் மூன்று கேள்விகள்

நெட்வொர்க் டெக்னீஷியன் வேலைக்குப் புதிதாக வருகிறவரிடம் "சுவிட்ச் என்றால் என்ன?" என்று கேட்பதில் பயனில்லை. எல்லோரும் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பார்கள். அனுபவமுள்ளவர்கள் கேட்பது வேறு மாதிரி இருக்கும்.

"சுவிட்சை இப்போதுதான் ஆன் செய்திருக்கிறோம். 3ஆம் போர்ட்டில் ஒரு கம்ப்யூட்டர், 7ஆம் போர்ட்டில் இன்னொன்று. இரண்டும் ஒருவரோடொருவர் இதுவரை பேசியதில்லை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு பிங் கொடுக்கிறேன். என்ன நடக்கும், வரிசையாகச் சொல்லுங்கள்."

பெரும்பாலும் வரும் பதில்: "சுவிட்சுக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் எங்கே என்று தெரியாது. அதனால் பிங்கை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும்." பாதிதான் சரி. நல்ல பதில் இப்படிப் போகும்: "பிங் கிளம்புவதற்கு முன்பே, 'இந்த ஐபி முகவரி யாருடையது?' என்று முதல் கம்ப்யூட்டர் ஏஆர்பி மூலம் கேட்கும். அது எல்லோருக்குமான பிராட்காஸ்ட். சுவிட்ச் முதலில் அதை அனுப்பியவரின் மேக் முகவரியைப் பார்த்து, 'இவர் 3ஆம் போர்ட்டில்' என்று தன் பட்டியலில் எழுதிக்கொள்ளும். பிறகு 3ஐத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் அனுப்பும். இரண்டாவது கம்ப்யூட்டர் பதில் தரும்போது அதன் முகவரி 7ஆம் போர்ட்டுக்கு நேராகப் பதியும். பட்டியலில் ஏற்கெனவே முதல் கம்ப்யூட்டர் இருப்பதால் பதில் 3க்கு மட்டும் போகும். இதற்குப் பிறகுதான் உண்மையான பிங் கிளம்புகிறது. அப்போது சுவிட்சுக்கு இருவரையும் தெரியும். ஆகவே பிங் எல்லாப் போர்ட்டுக்கும் போகாது."

சுவிட்ச் கற்பது அனுப்புநர் முகவரியிலிருந்து. வழி பார்ப்பது பெறுநர் முகவரியை வைத்து. இது புரிந்தவர் எவ்வளவு சுற்றிக் கேட்டாலும் தடுமாற மாட்டார். கேட்பவர் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால், "பட்டியல் எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று தொடர்வார். சிஸ்கோ சுவிட்சுகளில் மாற்றாமல் விட்டால் 300 விநாடி. அதற்குள் அந்தக் கம்ப்யூட்டர் எதுவும் அனுப்பவில்லையென்றால் பதிவு அழிந்துவிடும். அதன் பிறகு அதற்கு வரும் தகவலை சுவிட்ச் மறுபடி எல்லாப் போர்ட்டிலும் தள்ளிவிடும்.

இரண்டாவது கேள்வி: "அதே இரண்டு கம்ப்யூட்டர்கள். இரண்டு போர்ட்டிலும் பச்சை விளக்கு எரிகிறது, ஐபி முகவரிகளும் சரி. ஆனால் பிங் வரவில்லை. `show mac address-table` அடித்தால் இது தெரிகிறது. தவறு எங்கே?"

```
Vlan  Mac Address     Type     Ports
 10   0011.2233.4455  DYNAMIC  Gi0/3
 20   0011.2233.6677  DYNAMIC  Gi0/7
```

இடது ஓரம் பார்த்தால் போதும். ஒன்று வி-லேன் 10, மற்றது 20. ஒரே சுவிட்சில் இருந்தாலும், இரண்டு தனி சுவிட்சுகளில் செருகியது போலத்தான். ஏஆர்பி கேள்வி மறுபக்கம் போவதே இல்லை. உடனே "போர்ட்டை 10க்கு மாற்றிவிடுவேன்" என்பவரைவிட, "7ஆம் போர்ட் எந்த வி-லேனில் இருக்க வேண்டும் என்று முதலில் விசாரிப்பேன். வேண்டுமென்றே பிரித்திருந்தால், இடையில் ரூட்டர் வேண்டும், ஐபி வரம்புகளும் வேறாக இருக்க வேண்டும்" என்பவருக்கே என் மதிப்பெண். வேறு துறையின் கம்ப்யூட்டரைத் தெரியாமல் கணக்குப் பிரிவின் நெட்வொர்க்கில் சேர்த்துவிட்டால் பிங் வரும், பிரச்சினையும் கூடவே வரும்.

மூன்றாவது: "திடீரென்று அலுவலகம் முழுக்க நெட்வொர்க் நின்றுவிட்டது. எல்லா விளக்குகளும் ஒன்றாகப் படபடக்கின்றன. ஒரே மேக் முகவரி இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே மாறிமாறித் தெரிவதாக சுவிட்ச் எச்சரிக்கிறது. என்ன நினைக்கிறீர்கள்?"

லூப். யாரோ ஒரு கேபிளின் இரு முனைகளையும் சுவிட்சிலேயே செருகியிருப்பார்கள். ஐபி பாக்கெட்டில் ஒவ்வொரு ரூட்டரைத் தாண்டும்போதும் குறையும் ஓர் எண் உண்டு. பூஜ்ஜியமானதும் அது தூக்கியெறியப்படும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி ஒன்று இல்லை. ஒரு பிராட்காஸ்ட் சுற்ற ஆரம்பித்தால் தானாக நிற்காது, பெருகிக்கொண்டே போகும். இதைத் தடுக்கவே ரேடியா பெர்ல்மன் 1985இல் ஸ்பானிங் ட்ரீ முறையை வகுத்தார். சுற்று இருக்கும் இடத்தில் ஒரு போர்ட்டை அது அடைத்துவிடும்.

"அது இருந்தும் லூப் ஏன் வந்தது?" என்று விடாமல் கேட்டால், மேசைக்கு அடியில் கிடக்கும் மலிவான சுவிட்சைச் சொல்லுங்கள். அதில் ஸ்பானிங் ட்ரீ இருக்காது. மேல் சுவிட்ச் அனுப்பும் ஸ்பானிங் ட்ரீ செய்திகளை அது கடத்தாமல் விட்டால், சுற்று இருப்பது மேலே தெரியவும் வராது. முதல் வேலை, எச்சரிக்கையில் வந்த இரண்டு போர்ட்டுகளில் ஒன்றின் கேபிளைக் கழற்றுவது. விளக்குகள் அடங்கினால் கேபிளைப் பிடித்துக்கொண்டே போய் மறுமுனையைப் பாருங்கள். அடங்காவிட்டால் அடுத்ததைக் கழற்றுங்கள். எதையும் கழற்றாமல் சுவிட்சை ரீஸ்டார்ட் செய்வேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்; கேபிள் அங்கேயே இருந்தால் லூப் திரும்ப வரும்.