சென்சார் பேசும் பாதை – 9: இருபத்தைந்து பைட்டில் ஒரு சேதி

பல்க் கூலர் தொட்டியில் டிஎஸ்18பி20 சென்சார், அது படிப்பதைக் கேட்க ஆர்டுயினோ ஊனோ, பக்கத்தில் 3.3 வோல்ட் மின்சாரத்தில் இஎஸ்பி-01 வைஃபை மாட்யூல். இதுவரை பூட்டி முடித்தது இவ்வளவு.

தொட்டியில் ஊற்றும்போது கறந்த சூட்டோடு 31 டிகிரியில் இருக்கும் பால், சில மணி நேரத்தில் 4 டிகிரிக்கு இறங்க வேண்டும். அந்த இறக்கம் டாஷ்போர்டில் கோடாகத் தெரிய வேண்டும் என்பதுதான் இந்தத் தொடரின் இலக்கு. கோடு வரையும் முன், "31.5" என்ற நான்கு எழுத்து ஆர்டுயினோவை விட்டு எப்படி வெளியேறுகிறது என்று பார்த்தாக வேண்டும். இந்த வாரம் முழுவதையும் அதுவே எடுத்துக்கொண்டது.

மாட்யூலிடம் பேச ஆர்டுயினோவுக்கு இருக்கும் மொழி ஏடி கட்டளைகள். `AT` என்று எழுதி, வரி முடிவுக்கான இரண்டு குறிகளையும் (`\r\n`) சேர்த்து அனுப்பினால் `OK` வரும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பதில் இருக்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் மாட்யூல் பழுது என்று முடிவு கட்டிவிடும் இடம் இது. பெரும்பாலும் சீரியல் மானிட்டரில் "Both NL & CR" என்று மாற்றினாலே போதும்.

பிறகு `AT+CWMODE=1`, `AT+CWJAP` என்று வைஃபைக்குள் நுழைந்து `WIFI GOT IP` வந்ததும், புரோக்கர் எனப்படும் நடுவருக்கு ஒரு டிசிபி இணைப்பு:

```
AT+CIPSTART="TCP","test.mosquitto.org",1883
AT+CIPSEND=20
```

முதல் வரிக்கு `CONNECT`, இரண்டாவதற்கு `>` என்று பதில் வரும். "இருபது பைட் கொடு, வாங்கிக்கொள்கிறேன்" என்பதே அந்த `>` குறியின் பொருள். இங்கிருந்து மாட்யூல் வெறும் குழாய்தான். குழாய்க்குள் போகும் மொழி எம்கியூடிடி.

1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும், அப்போது ஆர்காம் நிறுவனத்திலிருந்த ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிப்பதற்காக இதை உருவாக்கினார்கள். ஆளில்லாத இடங்களிலிருந்து செயற்கைக்கோள் வழியே அளவுகள் வர வேண்டும், அலைவரிசையோ குறைவு, செலவோ அதிகம். அந்த நெருக்கடியில் பிறந்ததால் ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணிச் செலவிடும் பழக்கம் இதற்கு உண்டு. அனுப்புபவர் ஒரு டாபிக்கின் பெயரில் சேதியைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்த டாபிக்கைக் கேட்டுப் பதிவு செய்திருப்பவர்களுக்குப் புரோக்கர் விநியோகிக்கும். பால் தொட்டிக்கு டாஷ்போர்டின் முகவரி தெரிய வேண்டியதில்லை, டாஷ்போர்டுக்கும் தொட்டியின் முகவரி தெரிய வேண்டியதில்லை.

அந்த இருபது பைட் இவைதான்:

```
10 12 00 04 4D 51 54 54 04 02
00 3C 00 06 70 61 61 6C 30 31
```

முதல் `10`, "இணைய வந்திருக்கிறேன்" என்பதற்கான குறி. `12` என்பது இனி 18 பைட் வரும் என்ற கணக்கு. `4D 51 54 54` என்பவை `MQTT` என்ற நான்கு எழுத்துகள், அடுத்த `04` நெறிமுறையின் 3.1.1 பதிப்பைக் குறிக்கிறது. `00 3C` என்றால் 60 நொடி. அதற்குள் ஒரு தடவையாவது பேசுவேன் என்ற வாக்குறுதி அது. கடைசி ஆறு பைட் `paal01` என்ற பெயர்.

அனுப்பியதும் `SEND OK` வரும். அதைக் கண்டு மகிழ்வதற்கு இன்னும் நேரமாகவில்லை. டிசிபி வழியே பைட்டுகள் போய்விட்டன என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. புரோக்கர் ஏற்றுக்கொண்டதா என்பதற்குத் தனியாக `+IPD,4:` என்று ஒரு வரி வரும், அதன் பின்னால் `20 02 00 00` என்ற நான்கு பைட். சீரியல் மானிட்டரில் இவை கண்ணுக்குத் தெரியாது! `20` என்பது வெற்றிடத்தின் எண், மற்ற மூன்றும் அச்செழுத்தே இல்லாதவை. வரி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பதிலே வரவில்லை என்று நினைத்துப் பலர் மணிக்கணக்கில் தேடுகிறார்கள். பைட்டுகளை எண்களாக அச்சிட வைத்துக் கடைசி பைட்டைப் பார்க்க வேண்டும். `00` என்றால் அனுமதி, `04` என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு, `05` என்றால் அனுமதி இல்லை.

இப்போது பாலின் சூடு. டாபிக் `paal/thotti1/temp`, பதினேழு எழுத்து. அளவு `31.5`, நான்கு எழுத்து.

```
30 17 00 11
70 61 61 6C 2F 74 68 6F 74 74 69 31 2F
74 65 6D 70
33 31 2E 35
```

மொத்தம் 25 பைட். இதில் 21 நம்முடைய டாபிக்கும் அளவும். நெறிமுறை தனக்கென்று எடுத்துக்கொண்டது முதல் வரியிலுள்ள நான்கே பைட். `30` என்பது வெளியீட்டுக் குறி, `17` மீதி நீளமான 23, `00 11` டாபிக்கின் நீளமான 17. இந்தச் சிக்கனத்தைக் கையால் எண்ணிப் பார்க்கும்போதுதான் அந்த எண்ணெய்க் குழாய்ப் பொறியாளர்களின் மேல் மதிப்பு கூடுகிறது.

சிக்கனத்துக்கு ஒரு விலை இருக்கிறது. நீளத்தை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், அதுவும் இரண்டு இடத்தில்: `AT+CIPSEND=25` என்று மாட்யூலிடம், `17` என்று புரோக்கரிடம். இரண்டையும் நிரலில் நிலையான எண்களாக எழுதிவிட்டால் என்ன ஆகும்? சோதனை மேசையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். தொட்டியிலும் 31.5, 24.0, 15.2, 10.1 என்று ஓடிக்கொண்டே இருக்கும். பால் 9.9 ஆகும் அந்த நொடியில் நின்றுபோகும்.

காரணம், 9.9 என்பது மூன்றே எழுத்து. மாட்யூல் இருபத்தைந்தாவது பைட்டுக்காகக் காத்திருக்கும். ஆர்டுயினோவோ வேலை முடிந்தது என்று நினைத்து அடுத்த முறை `AT+CIPSEND` என்று தொடங்கும். அதன் முதல் எழுத்தான `A`, காத்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். டாஷ்போர்டுக்கு `9.9A` என்று ஒரு மதிப்பு போகும். எண் அல்லாததை வரைபடம் ஏற்காது. மிஞ்சிய `T+CIPSEND` எந்தக் கட்டளையும் இல்லை, எனவே `>` வராது. தினமும் பால் குளிர்ந்து பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும்போது மட்டும் தொடர்பு அறுந்தால், வைஃபையையும் குளிர்பதன மோட்டாரையும் சந்தேகிப்பதற்கு முன் இந்த ஒரு எழுத்தைத்தான் தேட வேண்டும். மதிப்பைப் பார்த்து நீளத்தைக் கணக்கிடுவதே தீர்வு:

```
char p[8];
dtostrf(t, 1, 1, p);
byte n = 2 + 17 + strlen(p);
// 30, n, ...   AT+CIPSEND = n + 2
```

நீளம் சொல்லும் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. `AT+CIPMODE=1` என்று எழுதி, பிறகு எண் இல்லாமல் வெறும் `AT+CIPSEND` கொடுத்தால், அதன்பின் எழுதுவதெல்லாம் நேரே புரோக்கருக்குப் போகும். சரி, வெளியே வருவது எப்படி? `AT` என்று எழுதினால் அதுவும் பாலின் சூட்டோடு சேர்ந்து புரோக்கருக்கே போய்விடுமே. விடை `+++`. இந்த மூன்று கூட்டல் குறிகளின் கதையைச் சொல்லாமல் கடந்துபோக முடியவில்லை.

ஏடி கட்டளைகள் வைஃபைக்காகப் பிறந்தவை அல்ல. 1981இல் அமெரிக்காவின் ஹேய்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்மார்ட்மோடத்தில் வந்தவை. ஒரே கம்பியில் தரவும் போக வேண்டும், கட்டளையும் போக வேண்டும், அப்படியானால் எது எது என்று மோடத்துக்கு எப்படித் தெரியும்? டென்னிஸ் ஹேய்ஸின் கூட்டாளி டேல் ஹெதரிங்டன் கண்ட வழி மௌனம். ஒரு நொடி எதுவும் அனுப்பாதே, `+++` அனுப்பு, மறுபடி ஒரு நொடி எதுவும் அனுப்பாதே. ஓடும் தரவுக்குள் இப்படி இரு பக்கமும் இடைவெளி விட்டு மூன்று கூட்டல் குறிகள் தற்செயலாக வருவது அபூர்வம். இதற்கு 1985இல் காப்புரிமை கிடைத்தது.

உரிமத் தொகை கட்ட விரும்பாத போட்டி நிறுவனங்கள் சில, மௌனத்தை நீக்கிவிட்டு, `+++` வந்து அதையடுத்து ஒரு ஏடி கட்டளையும் வந்தால் போதும் என்று வைத்தன. பிரச்சினை இல்லை என்றுதான் தோன்றியது. தொண்ணூறுகளில் வீட்டு மோடங்கள் இணையத்துக்கு வந்ததும் யாரோ ஒருவருக்கு அந்த ஓட்டை கண்ணில் பட்டது. `+++ATH0` என்ற எழுத்துகளைப் பிங் பொட்டலத்தில் வைத்து எதிராளிக்கு அனுப்பினால் போதும். பிங் வந்தால் அதே எழுத்துகளைத் திருப்பி அனுப்புவது கணினியின் வழக்கம். அப்படித் திருப்பும்போது அவை அந்த வீட்டு மோடத்தின் வழியே வெளியேற வேண்டும். மோடம் அதைத் தன் முதலாளியின் கட்டளை என்று எடுத்துக்கொண்டு தொலைபேசியைத் துண்டித்துவிடும், ஏனெனில் `ATH0` என்றால் இணைப்பைத் துண்டி என்று அர்த்தம். ஒரு நொடி மௌனத்தை விட்டதற்கு அந்த மோடங்கள் கொடுத்த விலை அது.

நாற்பது ஆண்டு கடந்தும் அதே மூன்று குறிகளை இஎஸ்பி-01 மதிக்கிறது, அதே மௌனத்தோடு. `+++` தனியாகப் போக வேண்டும், அதன் பின்னால் `\r\n` ஒட்டக் கூடாது, அடுத்த கட்டளைக்கு முன் குறைந்தது ஒரு நொடி காத்திருக்க வேண்டும். `AT` பேசுவதற்கு "Both NL & CR" அவசியம், `+++` எழுதும்போது மட்டும் அதை "No line ending" என்று மாற்றியாக வேண்டும். பலரும் தடுக்கி விழுவது இந்த முரணில்தான். பால் தொட்டிக்கு நீளம் சொல்லும் முறையே பத்திரமானது, ஏனெனில் அதில் இணைப்பு அறுந்தால் `CLOSED` என்று உடனே தெரியும்.

`CLOSED` அடிக்கடி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த 60 நொடி வாக்குறுதியை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூடு அனுப்பினால், இடையில் பேச்சு இல்லாததால், ஒன்றரை மடங்கான 90 நொடியில் புரோக்கர் இணைப்பை மூடிவிடும். இடையிடையே `C0 00` என்று இரண்டு பைட் அனுப்பினால் போதும், `D0 00` என்று பதில் வரும். அடுத்துப் பார்க்க வேண்டியது பெயர். இரண்டாவது தொட்டிக்கும் அதே நிரலை ஏற்றி, `paal01` என்ற பெயரையே விட்டிருந்தால், புதியவர் வந்ததும் பழையவரைப் புரோக்கர் வெளியேற்றும். அவர் திரும்பி வந்து இவரை வெளியேற்றுவார். இரண்டு தொட்டியும் மாறி மாறி அறுந்துகொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

இவ்வளவையும் கையால் செய்ய வேண்டுமா? எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் புதிய ஃபர்ம்வேரில் `AT+MQTTCONN`, `AT+MQTTPUB` என்ற கட்டளைகள் வந்துவிட்டன, நீளத்தை அவையே கணக்கிட்டுக்கொள்ளும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் இஎஸ்பி-01இல் பழைய பதிப்பு இருந்தால் அவற்றுக்கு `ERROR` என்றே பதில் வரும். எந்தப் பதிப்பு என்பதை `AT+GMR` சொல்லும்.

டாஷ்போர்டில் கோடு வரைவது இந்த வாரம் என்று சொல்லியிருந்தது, கூட்டல் குறிகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. `test.mosquitto.org` எல்லோருக்கும் திறந்த சோதனைக் களம், அங்கே போகும் பாலின் சூட்டை உலகில் யாரும் படிக்கலாம். எனவே அடுத்த வாரம் பயனர் பெயரும் சாவியும் கேட்கும் அடாஃப்ரூட் ஐஓவுக்கு மாற வேண்டும். அங்கே டாபிக் `பயனர்பெயர்/feeds/paal-temp` என்ற வடிவில் இருக்கும், இலவசக் கணக்கில் நிமிடத்துக்கு 30 அளவுகள் வரை ஏற்பார்கள். இணைப்புப் பொட்டலத்தில் `04`ஐ அடுத்து வரும் `02` என்ற பைட் `C2` ஆக மாறும், பின்னால் பெயரும் சாவியும் சேரும், நீளம் மறுபடி மாறும். அதை எண்ணிவிட்டு, 31 டிகிரியிலிருந்து 4 டிகிரி வரையிலான கோட்டை வரைந்து பார்க்கலாம்.

(தொடரும்)