படத்தில் தெரியாததை எழுதுங்கள்

வெள்ளைப் பணியாரம் படத்துக்குக் கீழே நான் முதலில் எழுதிய வரி இது: "நாவூறும் சுவையில் செட்டிநாட்டு வெள்ளைப் பணியாரம்." பக்கப் பொறுப்பாசிரியர் அதைப் படித்துவிட்டு, பலகாரத்தின் பெயரை மட்டும் விரலால் மறைத்துக் காட்டினார். மிச்சமிருந்த வரி மட்டன் சுக்காவுக்கும் பொருந்தியது, பால் பாயசத்துக்கும் பொருந்தியது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வரியால் பணியாரத்துக்கு ஒரு பயனும் இல்லை. இன்றும் என் குறிப்புகளை நான் இந்த விரல் சோதனையில்தான் போட்டுப் பார்க்கிறேன்.

'சுவையான', 'அருமையான', 'செம டேஸ்ட்' என்பவையெல்லாம் சாப்பிட்டவரின் மகிழ்ச்சியைத்தான் சொல்லும். சாப்பாட்டைப் பற்றி அவற்றில் ஒரு சேதியும் இருக்காது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மொழியியலாளர் டான் ஜுராஃப்ஸ்கி, சக ஆய்வாளர்களோடு 6,500 உணவக மெனுக்களைக் கணினியில் போட்டு அலசியிருக்கிறார். இப்படிப்பட்ட வெற்றுப் புகழ்ச்சிச் சொற்கள் விலை குறைந்த பதார்த்தங்களோடுதான் அதிகம் ஒட்டிக்கொண்டிருந்தன என்பதை 2014-இல் வெளியான தன் புத்தகத்தில் அவர் விளக்குகிறார். சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாதபோதுதான் 'சுவையான' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சரி, வேறு என்ன எழுதுவது? படத்தைப் பார்த்தாலே தெரிவதை எழுத வேண்டாம். பணியாரம் வெள்ளையாக இருக்கிறது, வட்டமாக இருக்கிறது, பக்கத்தில் சிவப்புச் சட்னி இருக்கிறது என்பதெல்லாம் வாசகர் கண்ணுக்கே தெரியும். மணம், சூடு, கடிக்கும்போது வரும் ஓசை, நாக்கில் அமர்கிற சுவை, விழுங்கிய பின் தொண்டையில் நிற்பது ஆகியவை கேமராவுக்குள் போகாதவை. குறிப்புக்கான இடம் அங்கேதான் இருக்கிறது.

அந்தச் சொற்களைத் தேடி அகராதிக்குப் போக வேண்டியதில்லை. சமைப்பவரிடம் கேட்டால் போதும். ஆனால் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாயிருக்கு" என்றுதான் பதில் வரும். அடுப்படியில் நின்று, "எப்போ எடுக்கணும்னு எப்படித் தெரியும் ஆச்சி?" என்று கேட்டேன்.

"சிவக்க விடக்கூடாது தம்பி. ஊத்தினதும் அடியில போகும், தானா மேல வந்து உப்பும். ஓரம் விறைச்சு நடு மெத்துனு இருக்கிறப்பவே திருப்பிப்போட்டு எடுத்துடணும்."

'ஓரம் விறைச்சு, நடு மெத்துனு.' குறிப்பின் பாதி அந்தப் பேச்சிலேயே கிடைத்துவிட்டது. சமைப்பவர்கள் பதம் பார்ப்பதே கண்ணாலும் காதாலும் மூக்காலும் விரலாலும்தான். அதனால் அவர்களுடைய பதச் சொற்களில் வெற்றுப் புகழ்ச்சி இருப்பதில்லை.

செய்முறையும் சொல் கொடுக்கும். ஆழாக்கு நிறையப் பச்சரிசி அளந்து, அதன் தலையில் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, இரண்டையும் ஒன்றாக ஊறவைத்து வெண்ணெயாய் அரைக்கிறார்கள். புளிக்க விடுவதில்லை. ஆகவே இந்தப் பணியாரத்தில் தோசையின் புளிப்பு கிடையாது. மெல்லிய உப்பும், பச்சரிசியின் லேசான இனிப்பும்தான் உண்டு. 'காரசாரமான செட்டிநாட்டுப் பலகாரம்' என்று பழக்கதோஷத்தில் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். காரம் முழுவதும் சட்னியில் இருக்கிறது.

இரண்டாவது முறை எழுதியபோது எதிர்ப்பக்கத் தவறைச் செய்தேன். "மொறுமொறு ஓரமும் மெதுமெது நடுவும் கமகம மணமும் சுள்ளென்ற சட்னியும்" என்று அடுக்கினேன். தமிழில் இரட்டைக்கிளவிகள் ஏராளமாக இருப்பதால் வரும் ஆசை இது. ஒரு வரியில் ஒன்று இருந்தால் காதில் ஒலிக்கும். மூன்று வந்தால் விளம்பரப் பாட்டாகிவிடும். கடைசியில் அச்சேறியது இது:

"ஓரத்தில் மொறுமொறுப்பு, நடுவில் பஞ்சாக அமுங்கும் பதம். மெல்லிய உப்பு தவிர வெள்ளைப் பணியாரத்தில் வேறொன்றும் இல்லை. காரத்துக்குப் பூண்டு தட்டிப்போட்ட வரமிளகாய்ச் சட்னி."

இதில் பெயரை மறைத்தாலும் இட்லியோ பாயசமோ அங்கே வந்து உட்கார முடியாது.

சொற்களுக்குள் இருக்கிற வேற்றுமையையும் காக்க வேண்டும். ரவா தோசையின் ஓரம் மொறுமொறுக்கும். வெள்ளரிப் பிஞ்சு நறுக்கென்று கடிபடும். தட்டை கடக்கென்று உடையும். எல்லாவற்றையும் 'கிரிஸ்பி' என்று எழுதினால் இந்த மூன்று ஓசைகளும் ஒன்றாகிவிடுகின்றன. உப்புமா பொலபொலவென்று உதிர்ந்தால் பாராட்டு, வெண்பொங்கல் அப்படி உதிர்ந்தால் குறை. பொங்கல் குழைய வேண்டும்.

'காரம்' என்ற சொல்லுக்கு இன்னும் கொஞ்சம் கவனம் கொடுக்கலாம். நம் மரபில் அது அறுசுவைகளில் ஒன்று. உடலியல்படி அது எரிச்சல். மிளகாயில் உள்ள கேப்சைசின், சுடுபொருள் பட்டால் தூண்டப்படும் அதே நரம்பு வாயிலைத் தூண்டுகிறது. அந்த வாயிலைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாயைக் கடித்தால் 'சுடுகிறது' என்று நாம் சொல்வதில் பிழையே இல்லை. எழுதுகிறவருக்கு இதனால் என்ன லாபம் என்றால், காரம் எந்த இடத்தில் எரிகிறது என்று கவனிக்கத் தோன்றும். வரமிளகாய்ச் சட்னி நாக்கின் நுனியிலும் உதட்டிலும் சுள்ளென்று பிடிக்கிறது. மிளகு ரசம் இறங்கிய பிறகு தொண்டையில் கதகதக்கிறது. கடுகுப்பொடி போட்ட ஆவக்காயின் காரம் எளிதில் ஆவியாகும் தன்மை உடையது. அது மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வரவைக்கும். 'காரமான ரசம்' என்பதைவிட 'தொண்டையில் கதகதப்பாக இறங்கும் மிளகு ரசம்' என்பது ஒன்றிரண்டு சொல்தான் கூடுதல். மழை நாளில் படிக்கிறவருக்கு அந்த ரசம் வேண்டும் என்று தோன்ற அது போதும்.

'வாயில் வைத்தால் கரையும்' என்ற வரியை அல்வாவுக்கும் கேக்குக்கும் பிரியாணிக்கும்கூடப் போடுகிறார்கள். நெய் நம் உடல் சூட்டுக்குக் கீழேயே உருகிவிடுவதால், நெய் நிறைய ஊற்றிய மைசூர்பாகு உண்மையாகவே வாயில் கரைகிறது. அதற்கு எழுதினால் அது வர்ணனை. திருநெல்வேலி அல்வா வழுக்கிக்கொண்டு போகும். அதற்கு 'வழுக்கும்' என்பதே சரியான சொல். பிரியாணி அரிசி கரைந்தால் அது கெட்டுப்போன பிரியாணி.

நினைவிலிருந்து எழுதுவதும் ஆபத்து. விளக்குகள் பொருத்தி, தட்டை நகர்த்தி, சட்னிக் கிண்ணத்தை இடம் மாற்றிப் படம் எடுத்து முடிப்பதற்குள் பலகாரம் ஆறிவிடும். அதன் பிறகு சாப்பிட்டவர் ஓரம் மொறுமொறுக்கிறது என்று எப்படி எழுத முடியும்? நான் இப்போது இரண்டு பணியாரம் கேட்கிறேன். ஒன்று கேமராவுக்கு, ஒன்று எனக்கு. கடித்தவுடன் காதில் விழுந்ததையும் நாக்கில் பட்டதையும் அங்கேயே நின்று குறித்துக்கொள்கிறேன். நீங்களும் முதல் வாய்க்குப் பிறகு எழுதுங்கள், படம் பிறகு எடுக்கலாம். வெள்ளைப் பணியாரத்தின் ஓரம் கொஞ்ச நேரத்திலேயே நமுத்துவிடும்.