தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்: 11,000 உள்ளே, 433 வெளியே

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்த்தகட்டில் 11000 / 433 என்று இருக்கும். அதன் ஒரு ஃபேஸ்தான் இந்தப் படம். எண்ணெய்த் தொட்டிக்குள் இப்படி மூன்று உண்டு.

இடப்பக்கம் முதன்மைச் சுருள். வலப்பக்கம் துணைச் சுருள். நடுவிலுள்ள இரட்டைக் கோடு இரும்பு உள்ளகம். இரு சுருளையும் எந்தக் கம்பியும் இணைக்கவில்லை, காந்தப்புலம் மட்டுமே கடக்கிறது. வளைவுகளை எண்ணிப் பார்க்காதீர்கள். அவை வெறும் அடையாளம்.

சுற்றுகளின் விகிதமே வோல்ட் விகிதம். அதற்காக 11,000-ஐ 433-ஆல் வகுத்து 25 என்று முடித்துவிட்டால் தப்பு. முதன்மைச் சுருளின் மேலுள்ள முக்கோணக் குறி, ஒவ்வொரு சுருளுக்கும் முழு 11,000 கிடைப்பதைச் சொல்கிறது. துணைச் சுருளுக்கு நட்சத்திரக் குறி: 433 என்பது இரு ஃபேஸ்களுக்கு இடையிலான அளவு. ஒரு சுருளில் இருப்பது அதை 1.732-ஆல் வகுத்தால் வரும் 250 வோல்ட்தான். ஆகவே துணைச் சுருளின் ஒரு சுற்றுக்கு முதன்மையில் 44 சுற்று. அந்த 250-தான் வழியில் கொஞ்சம் இழந்து வீட்டுக்கு 230 அளவில் வருகிறது.

வெளியே போய் நிஜ டிரான்ஸ்ஃபார்மரை அண்ணாந்து பாருங்கள். உள்ளே வரும் கம்பி மெல்லியது, வெளியேறும் கேபிள் தடிமன். வோல்ட் இறங்கிய அளவுக்கு ஆம்பியர் ஏறியிருக்கிறது.