தீர்ப்பில் எழுதாத வட்டி

புரோநோட் எழுதி வாங்கி, தெரிந்தவருக்கு ஒருவர் 5 லட்சம் ரூபாய் கடன் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். இரண்டு ஆண்டுகள் ஒரு பைசாகூட வரவில்லை, வழக்குப் போடுகிறார். அன்றைக்கு வட்டி மட்டும் 1,20,000 ரூபாய். வழக்கு மூன்று ஆண்டு நடந்து, அவர் ஜெயிக்கிறார்.

ஜெயித்தவருக்கு வட்டியை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 34ஆவது பிரிவு மூன்று காலமாகப் பிரிக்கிறது. வழக்குப் போடும் நாள் வரை ஒப்பந்த வட்டி. வழக்கு நடக்கும் காலத்துக்கு, அசலின்மீது நீதிமன்றம் நியாயம் எனக் கருதும் வட்டி. அதை 9 சதவீதம் என்று வைத்தால், மூன்று ஆண்டுக்கு 1,35,000. தீர்ப்புக்குப் பிறகு பணம் கைக்கு வரும்வரை அதிகபட்சம் 6 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 30,000. வியாபாரக் கடனாக இருந்தால் மட்டும் இந்த 6 சதவீத வரம்பைத் தாண்டலாம். அப்போதும் ஒப்பந்த வட்டிக்கு மேல் போகக் கூடாது.

பலரும் ஏமாறுவது மூன்றாம் காலத்தில்தான். தீர்ப்புக்குப் பிந்தைய வட்டியைப் பற்றித் தீர்ப்பாணை எதுவும் சொல்லாவிட்டால், நீதிமன்றம் அதை மறுத்துவிட்டதாகவே சட்டம் கொள்கிறது. அதற்காகத் தனி வழக்கும் போட முடியாது. எதிராளி நான்கு ஆண்டு இழுத்தடித்தால் 1,20,000 ரூபாய் போய்விடும். ஆகவே பிராதில் பரிகாரம் கேட்கும் இடத்தில் மூன்று காலத்து வட்டியையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது செலவு. தோற்றவர் ஜெயித்தவரின் செலவைக் கொடுக்க வேண்டும் என்பதே 35ஆவது பிரிவின் பொது வழக்கம். மறுத்தால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். ஆனால் ‘செலவுத் தொகையுடன்’ என்று தீர்ப்பு வந்ததும் வக்கீலுக்குக் கொடுத்த பணம் முழுவதும் திரும்பிவிடும் என்று நம்புவது தவறு. தீர்ப்பாணையின் கீழே செலவுப் பட்டியல் ஒன்று இருக்கும். கோர்ட் பீஸ் கட்டியபடியே வரும். வக்கீல் கட்டணமோ விதிகளில் உள்ள அளவுப்படிதான் கணக்காகும். உண்மையாக ஆன நியாயமான செலவையே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் வலியுறுத்தியது. கீழ் நீதிமன்றங்களின் பட்டியலில் அந்த மாற்றம் போதிய அளவு தெரியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

‘வழக்குச் செலவு முழுவதும் கடன் வாங்கியவரைச் சேர்ந்தது’ என்று பத்திரத்தில் முன்கூட்டியே எழுதிக்கொள்கிறவர்கள் உண்டு. எழுதியிருந்தாலும் எவ்வளவு என்று முடிவுசெய்வது நீதிமன்றம்தான். நடுவர் தீர்ப்பாயத்தில் நிலைமை இன்னும் கறார். யார் ஜெயித்தாலும் செலவு இன்னாருடையது என்னும் ஒப்பந்தம், தகராறு எழுந்த பிறகு செய்யப்பட்டிருந்தால் மட்டுமே செல்லும் என்கிறது 2015 திருத்தத்தில் வந்த 31ஏ பிரிவு.

தீர்ப்பாணை நகல் கையில் வந்த அன்றே வட்டி வரியையும் செலவுப் பட்டியலையும் படித்துவிடுங்கள். விட்டுப்போயிருந்தால் மேல்முறையீட்டுக்கு, மாவட்ட அளவிலான நீதிமன்றங்களில், 30 நாள்தான் அவகாசம்.