உங்களுக்குத் தெரியுமா? புரொஜெக்டரால் கறுப்பைக் காட்ட முடியாது!

செமினாருக்கு ஸ்லைடு தயாரிக்கும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு:

புரொஜெக்டர் ஒளியை மட்டுமே வீசும், இருட்டை வீசாது. ஸ்லைடில் கறுப்பாக இருப்பது, திரையில் அதன் ஒளி படாத இடம்தான். ஜன்னல் வெளிச்சம் அங்கே விழுந்தால் கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். திரையில் புரொஜெக்டர் தரும் வெள்ளை 300 லக்ஸ், அறை வெளிச்சம் 100 லக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வெள்ளைப் பகுதி 400, கறுப்புப் பகுதி 100. வித்தியாசம் 4 மடங்குதான்.

கறுப்புப் பின்னணியில் அடர்நீல எழுத்து வைத்தால்? பளிச்சென்ற தூய நீலமே வெள்ளையின் ஒளியில் ஏறக்குறைய 7 சதவீதம்தான். அதில்கூட எழுத்து 121, பின்னணி 100. லேப்டாப்பில் படித்தது திரையில் மறைந்துவிடும். வெள்ளைமேல் மஞ்சளும் அப்படித்தான்: மஞ்சள் சுமார் 379, வெள்ளை 400.

ஆகவே வெளிச்சமான வகுப்பறைக்கு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு அல்லது கருநீல எழுத்தே பொருத்தம். வரைபடக் கோடுகளை நிறத்தால் மட்டும் பிரிக்காமல், ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள்.

சரிபார்க்க எளிய வழி: ஸ்லைடைப் படமாகச் சேமித்து, அந்தப் படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றிப் பாருங்கள். எழுத்தும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறத்தை மாற்றுங்கள்.

திரையருகே உள்ள ஜன்னலின் திரைச்சீலையையும் இழுத்துவிடுங்கள். திரையில் விழும் அறை வெளிச்சம் 20 லக்ஸாகக் குறைந்தால், அதே 4 மடங்கு 16 மடங்காகும்!