காசோலையைக் கீழிருந்து படியுங்கள்

காசோலை கைக்கு வந்ததும் நம் கண் தொகைக்குப் போகிறது, பிறகு கையெழுத்துக்கு, அதன் பிறகு மேலே வண்ணத்தில் இருக்கும் வங்கியின் பெயருக்கு. ஆனால் காசோலையைத் தீர்வுக்கு அனுப்பும் இயந்திரம் அந்தப் பெயரைப் பார்ப்பதில்லை. அடியில் விடப்பட்ட வெள்ளைப் பட்டையில் கோணல்மாணலான எழுத்துருவில் இருக்கும் எண்களை வைத்துத்தான் அது எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று முடிவாகிறது. இரும்பு ஆக்சைடு கலந்த காந்த மையால் அச்சிட்ட இந்த வரியைத்தான் எம்.ஐ.சி.ஆர். என்கிறார்கள். மேலே அச்சிட்ட பெயரும் அடிவரியும் முரண்பட்டால் இயந்திரம் அடிவரியையே பின்பற்றும். அப்படியானால் வாங்குகிறவரும் முதலில் அதைப் படிப்பதுதான் முறை.

படிப்பது கடினமல்ல. ஓர் எடுத்துக்காட்டு வரியில், இடையில் வரும் கட்டம்போன்ற குறிகளை விட்டுவிட்டால், எண்கள் இப்படி நிற்கும்:

```
004512  600019031  000217  10
```

முதல் ஆறு இலக்கம் காசோலை எண். பல காசோலைகளில் இந்த எண் வேறெங்கும் அச்சாவதே இல்லை. பணம் செலுத்தும் சீட்டிலோ, ‘இந்தச் செக்கை நிறுத்துங்கள்’ என்ற கடிதத்திலோ எழுத வேண்டியது இதுதான், முன்னால் நிற்கும் பூஜ்யங்களோடு. அடுத்த ஒன்பது இலக்கத்தை மும்மூன்றாகப் பிரிக்க வேண்டும். 600 என்பது சென்னை. அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று இலக்கத்தையே பெரும்பாலும் ஊருக்குத் தந்திருக்கிறார்கள் என்பதால் 625 என்றால் மதுரை என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். நடுவில் உள்ள 019 இந்தியன் வங்கி. ஸ்டேட் வங்கியாக இருந்தால் 002, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியாக இருந்தால் 020. கடைசி மூன்று கிளை. மூன்றாவதாக வரும் ஆறு இலக்கத்தைக் கணக்கு எண் என்று நினைத்துப் படிவத்தில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது முழுக் கணக்கு எண் அல்ல, நமக்கு அதனால் பயனுமில்லை. கடைசி இரண்டும் கணக்கின் வகையைச் சொல்பவை: 10 சேமிப்பு, 11 நடப்பு.

இப்போது ஒரு காசோலையைச் சோதிப்போம். மேலே இந்தியன் வங்கி, மதுரைக் கிளை என்று அச்சு. அடியில் மேலே கண்ட அதே எண். வங்கி சரி, ஊர் சரியில்லை. பெயரும் முகவரியும் சாதாரண மையில் யாரும் அச்சடிக்கக்கூடியவை. நிஜக் காசோலை ஒன்றின் அடிவரியை எடுத்து வேறு கிளையின் பெயரோடு ஒட்டியிருந்தால் இந்த முரண் அப்படியே வெளியே தெரியும். உடனே மோசடி என்று முடிவு கட்டவும் வேண்டாம். சில ஊர்களில் பக்கத்து மையத்தின் ஊர்க் குறியீடே இருக்கலாம். வங்கிகள் இணைந்த பிறகு கையில் தங்கிப்போன பழைய தாள்களும் குழப்பும்: 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியோடு இணைந்த அலகாபாத் வங்கியின் காசோலைகள் பின்னர் செல்லாதவை ஆயின. ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் கிளைவாரியாக இந்த ஒன்பது இலக்க எண்களின் பட்டியல் இருக்கிறது; அங்கே தேடினால் சில நிமிடங்களில் சந்தேகம் தீரும்.

ஐ.எஃப்.எஸ்.சி. இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். அது இணையவழிப் பணமாற்றத்துக்கான விலாசம்; காசோலையைப் பிரிக்கும் வேலை அதனுடையதல்ல. இரண்டும் ஒரே கிளையைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதில்தான் அதன் பயன். இன்னொரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் காசோலையின் ஒன்பது இலக்க எண்ணில் கடைசி இலக்கம் மற்ற எட்டையும் கணக்கிட்டுச் சரிபார்க்கும் இலக்கம். நம்முடையதில் ஒன்பதும் ஊர், வங்கி, கிளை என்றே தீர்ந்துவிடுகின்றன. 031-ஐ 037 என்று எழுதிவிட்டால் எண்ணே அந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது. வேறொரு கிளையின் சரியான எண்ணாகவே அது இருந்துவிடக்கூடும். ஆகவே படிவத்தில் எழுதியபின் எண்ணைப் பட்டியலில் தேடி, வரும் கிளைப்பெயரைக் காசோலையோடு ஒப்பிட வேண்டும்.

வலுவான ஆட்சேபணை வேறொன்று. கைதேர்ந்த மோசடிக்காரன் அசல் காசோலையின் எல்லா எண்களையும் அப்படியே நகலெடுத்தால் இந்தச் சோதனையால் என்ன பயன்? அவனிடம் பயனில்லைதான். அடிவரி தாள் எந்தக் கிளைக்கு உரியது என்று சொல்லும். தொகை திருத்தப்பட்டதா, கணக்கில் பணம் இருக்கிறதா என்று சொல்லாது. அந்த இடைவெளிக்காகத்தான் 2021 ஜனவரி 1 முதல் ‘பாசிட்டிவ் பே’ ஏற்பாடு வந்தது. காசோலை கொடுத்தவர் எண், தேதி, பெறுபவர் பெயர், தொகை ஆகியவற்றைத் தன் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கிறார், ரூ.50,000-க்கும் அதற்கு மேலும் உள்ள காசோலைகளுக்கு இந்த வசதி உண்டு. அதிலும் கேட்கப்படுவது அடிவரியின் அந்த முதல் ஆறு இலக்கம்தான். ஆகவே பெரிய தொகைக்கு ஒரு காசோலை வாங்குகிறவர், கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்து, எண்ணைப் பூஜ்யங்களோடு படித்துக் காட்டி, அதே எண்ணைத்தான் வங்கிக்குத் தெரிவித்தாரா என்று கேட்டுக்கொண்டு பெட்டியில் போடலாம்.