முன் அறையில் தையல், வீட்டுக்கு மட்டும் இன்சூரன்ஸ்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது வீட்டில் தையல் போடும் ஒரு அக்காவின் முன் அறைக்குள் எட்டிப் பாருங்கள். பவர் மெஷின் இரண்டு, ஓவர்லாக் ஒன்று, வெட்டும் மேஜை, சூடாகவே கிடக்கும் அயர்ன் பாக்ஸ். சுவரோரம் அலமாரி நிறையப் பைகள். ஒவ்வொரு பையிலும் ஒரு ஜாக்கெட் துணி, அளவு ஜாக்கெட், ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்த பட்டுச்சேலை. அந்த அறையிலேயே விலை அதிகமான பொருள் அந்தச் சேலைகள்தான். அவற்றில் ஒன்றுகூட அக்காவுடையது இல்லை.

இந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கலாம். வீட்டுக்கடன் வாங்கியபோது வங்கி சேர்த்துவிட்ட பாலிசியாக இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களும், 'வீடு முழுக்க இன்சூரன்ஸ் ஆகிவிட்டது' என்று நிம்மதியாக இருப்பார்கள். அந்த முன் அறையில் தீப்பிடித்தால் பாலிசி எதற்கெல்லாம் பணம் தரும் என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால்தான் நிலவரம் புரியும்.

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கான தீ இன்சூரன்ஸுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொது வடிவம் உண்டு. எந்தப் பொது இன்சூரன்ஸ் நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றேதான். கட்டடத்துக்கான தொகையைப் பரப்பளவையும் சதுர அடிக்கு ஆகும் கட்டுமானச் செலவையும் பெருக்கிக் கணக்கிடுவார்கள். 900 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.5 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 4.5 லட்சம், வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே சேரும். இந்தத் தானியங்கிச் சேர்க்கைக்கு உச்சவரம்பு 10 லட்சம். தாராளமான ஏற்பாடுதான்.

ஆனால் அதன் வரையறைகளைப் படித்துப் பாருங்கள். கட்டடம் என்றால் குடியிருப்பாகப் பயன்படும் கட்டடம். பொருட்கள் என்றால் வீட்டு உபயோகத்துக்கான பொருட்கள்: சோபா, டிவி, ஃபிரிட்ஜ், துணிமணி, சமையல் சாமான். சம்பாதிப்பதற்காக வைத்திருக்கும் ஓவர்லாக் மெஷினும் விற்பதற்காக வாங்கிய லைனிங் துணியும் இதற்குள் வராது. வாடிக்கையாளரின் பட்டுச்சேலைக்கும் இதில் இடமில்லை.

இப்போது கணக்கு. இது கற்பனை வீடுதான். தொகைகள் நடப்பில் வரக்கூடியவை. அணைக்க மறந்த அயர்ன் பாக்ஸிலிருந்து தீ பிடித்து முன் அறை எரிகிறது. சுவர்ப்பூச்சு, ஒயரிங், ஜன்னல் ஆகியவற்றைச் சரிசெய்ய 1,40,000 ரூபாய். பக்கத்து ஹாலில் இருந்த சோபா, டிவி, மரச்சாமான் 60,000. மெஷின்களும் மேஜையும் 1,10,000. நூல், லேஸ், லைனிங் 25,000. வாடிக்கையாளர்களின் துணிகள் 1,80,000. பண்டிகைக் காலத்தில் நின்றுபோன வேலை 50,000. மொத்தம் 5,65,000.

இதில் வீட்டுப் பாலிசியின் எல்லைக்குள் வருவது முதல் இரண்டு மட்டும், 2,00,000 ரூபாய். மீதி 3,65,000 ரூபாய்க்கும் வீட்டு பாலிசிக்கும் சம்பந்தமே இல்லை. வருமான இழப்புக்கு எந்தத் தீ பாலிசியும் தனியாகச் சேர்க்காமல் தருவதில்லை.

அந்த இரண்டு லட்சமும் உறுதி என்று சொல்ல முடியாது. ஹாலில் எரிந்த சோபாவுக்கு அதிகம் வாக்குவாதம் இருக்காது. சிக்கல் கட்டடத்துக்கான 1,40,000-ல் வரும். பாலிசி எடுக்கும்போது 'வீடு' என்றுதான் எழுதிக்கொடுத்திருக்கிறோம். அங்கே தொழில் நடப்பது தீப்பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டும் விஷயம். அது தெரிந்திருந்தால் நிறுவனம் பிரீமியத்தைக் கூட்டியிருக்கும், அல்லது வேண்டாம் என்று சொல்லியிருக்கும். அப்படிப்பட்ட விவரத்தைச் சொல்லாமல் விட்டால், சொல்ல வேண்டியதை மறைத்தார் என்று க்ளெய்மை மறுக்க நிறுவனத்துக்கு இடம் கிடைக்கிறது. பாலிசி எடுத்த பிறகு தொழில் ஆரம்பித்திருந்தாலும் பயன்பாடு மாறியதைத் தெரிவிக்கும் கடமை உண்டு. தீ வந்ததே தையல் அறை அயர்ன் பாக்ஸிலிருந்து என்னும்போது நிறுவனத்தின் வாதம் இன்னும் பலமாகும். மாறாகப் பின்பக்கத்தில் மழைவெள்ளம் புகுந்து சுவர் இடிந்திருந்தால், 'தையலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று நாம் கேட்கலாம்.

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் கொஞ்சம் ஆதரவு உண்டு. சொந்தக் கார் என்று பாலிசி எடுத்துவிட்டு வாடகைக்கு ஓட்டிய கார் ஒன்று திருடுபோனது. 2008-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த அந்த வழக்கில், திருட்டுக்கும் பயன்பாட்டு மீறலுக்கும் தொடர்பில்லை என்பதால் க்ளெய்மை அடியோடு மறுக்க முடியாது, ஒரு பகுதியையாவது தர வேண்டும் என்றுதான் தீர்ப்பு வந்தது. ஆனால் அது வண்டி வழக்கு. வீட்டுக்கும் அப்படியே கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. கிடைத்தாலும் வழக்கு நடத்தி, பல ஆண்டுகள் கழித்துக் கிடைப்பது.

'தொழில் நடப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?' என்று சிலர் கேட்பார்கள். இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் பார்ப்பதே அதைத்தான். கேட்டில் தொங்கும் போர்டு, சுவரில் ஒட்டிய க்யூஆர் கோடு, எரிந்த அறையில் மூன்று மெஷின் அடிக்கட்டை. தீயணைப்புத் துறை அறிக்கையில் 'தையல் அறை' என்று ஒரு வார்த்தை இருந்தாலே போதும். போதாததற்குச் சேலை எரிந்துபோன பெண்கள் வாசலில் நின்று பேசுவதும் அவர் காதில் விழும்.

அந்தப் பெண்களுக்குத்தான் அக்கா முதலில் பதில் சொல்லியாக வேண்டும். தீ இன்சூரன்ஸில் இது பழைய பிரச்சினை. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைப் பழைய பொதுத் தீ பாலிசி, தனியாகக் குறிப்பிட்டால் ஒழிய, வெளிப்படையாகவே விலக்கி வைத்திருந்தது. எனவே தொழில் பாலிசி எடுக்கிறவர்களும் 'வாடிக்கையாளர் தைக்கக் கொடுத்த துணிகள், அதிகபட்சம் இவ்வளவு மதிப்பு' என்று பாலிசியில் எழுதி வாங்க வேண்டும். 'ஸ்டாக்' என்று பொதுவாகப் போட்டுவிட்டு இருந்தால் சண்டைதான். மதிப்பைத் தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்களில் அலமாரி நிறைந்திருக்கும் நாளை வைத்துக் கணக்கிடுங்கள். ஆடி மாதத்து அலமாரியை வைத்து அல்ல.

இதற்கு ஆதாரமும் வேண்டும். பல தையல் நோட்டுகளில் 'நீலப் பட்டு, ஜாக்கெட் 2' என்பதற்கு மேல் எதுவும் இருப்பதில்லை. துணி வாங்கும்போதே போனில் ஒரு படம், நோட்டில் கொடுத்தவர் பெயர், தேதி, அவர் சொல்லும் தோராய விலை. நோட்டு அறையோடு எரிந்தாலும் படம் போனில் இருக்கும். மெஷினுக்கும் இதே கதைதான். பழைய மெஷினை பில் இல்லாமல் வாங்கியிருந்தால் மதிப்பை நிரூபிப்பது கஷ்டம். விற்றவரிடம் ஒரு ரசீதாவது எழுதி வாங்கிவிடுங்கள்.

சரி, என்ன செய்வது? ஏஜெண்டிடம் வாயால் சொல்வது போதாது. நிறுவனத்துக்கே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். பாலிசி எண்ணைக் குறிப்பிட்டு, 'வீட்டின் முன் அறையில், சுமார் 150 சதுர அடியில், தையல் வேலை நடக்கிறது. மூன்று மெஷின், உதவிக்கு ஒருவர், வாடிக்கையாளர் துணிகள் வைத்திருப்போம். வீட்டுப் பாலிசி தொடருமா?' என்று நேராகக் கேளுங்கள். சில நிறுவனங்கள் பாலிசியில் குறிப்பு சேர்த்து எண்டார்ஸ்மென்ட் தரும், கூடுதல் பிரீமியம் கேட்கும். சில நிறுவனங்கள் இந்த வீட்டை வீட்டுப் பாலிசியில் வைக்க முடியாது என்று சொல்லும். இரண்டுமே நல்ல பதில்தான், இரண்டுமே எழுத்தில் வந்தால்.

தொழில் பகுதிக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது. ஓரிடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள சிறு தொழில்களுக்கானது. மூன்று மெஷின் வைத்திருப்பவர் இதை எடுக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் கட்டடம் வீட்டுக்காரருடையது. மெஷின், சரக்கு, வாடிக்கையாளர் துணி இவற்றுக்கு மட்டும் எடுக்கலாம். ஆனால் தீ வந்து வீட்டுக்காரரின் க்ளெய்ம் சிக்கினால் கோபம் யார்மேல் விழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கும் தெரியப்படுத்துவது நல்லது.

தன் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்து இரண்டு பேருக்கும் தைத்துக் கொடுக்கும் ஒற்றை மெஷின்காரர் இவ்வளவுக்குப் போக வேண்டுமா? எனக்குத் தெரிந்தவரை கோடு எங்கே விழுகிறது என்பதை அளவுதான் தீர்மானிக்கிறது: எத்தனை மெஷின், ஆள் வைத்திருக்கிறீர்களா, போர்டு இருக்கிறதா, பிறர் துணி எவ்வளவு நேரம் உங்களிடம் கிடக்கிறது. சந்தேகம் இருந்தால் அந்தக் கடிதத்துக்குச் செலவு ஒன்றும் இல்லை.

டியூஷன் நடத்துபவர்களுக்குப் பொருள் இழப்பு பெரிய பிரச்சினை அல்ல, பெஞ்சும் கரும்பலகையும்தான். அங்கே பயம் வேறு. மாடிப்படியில் பிள்ளை விழுந்து கை உடைந்தால் பெற்றோர் கேட்கும் இழப்பீட்டைத் தீ பாலிசி தொடாது. அதற்குப் பொதுப் பொறுப்பு இன்சூரன்ஸ் என்று தனியாக உண்டு. வாங்கும்போது எத்தனை மாணவர், எந்த மாடி என்பதைச் சொல்ல வேண்டும்.

வீட்டுச் சமையல் விற்பவர்களுக்கு இரண்டு பக்கமும் இடி. சாப்பிட்டவருக்கு வயிறு கெட்டால் அதற்கு விற்ற பொருளுக்கான பொறுப்பு இன்சூரன்ஸ் தேவை. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம், ஆனால் பதிவு இன்சூரன்ஸ் ஆகாது. இன்னொரு பக்கம் கேஸ். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதே விதிமீறல். வணிகத்துக்கு 19 கிலோ சிலிண்டர் இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் சமையல் கேஸ் விபத்துகளுக்காக எடுத்துள்ள இன்சூரன்ஸில், இறந்தால் ஒருவருக்கு 6 லட்சம், சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை என்று உண்டு. அந்தச் சொத்துச் சேதப் பகுதி பதிவு செய்யப்பட்ட நுகர்வோர் இருப்பிடத்துக்கானது. வீட்டுச் சிலிண்டரில் தினமும் நூறு சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தால் இதிலும் கேள்வி எழும், வீட்டுப் பாலிசியிலும் எழும்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டுவிட்டால், காரணத்தையும் எந்தப் பாலிசி நிபந்தனையின்கீழ் மறுத்தார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு முறையிட்டு ஒரு மாதம் பொறுத்தும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களை எடுத்துக்கொள்வார்கள். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். முன்பே அனுப்பிய அந்தக் கடிதத்தின் நகலையும், நிறுவனம் அதைப் பெற்றதற்கான அத்தாட்சியையும், ஆர்டர் நோட்டின் படங்களையும் மனுவோடு இணையுங்கள்.